பயணக் கதையில் மாற்றத்தை எங்கே தேடுவது: ஒரே செயல், இரண்டு முறை

கேள்வி: பயணப் படம் என்றாலே "போகிற வழியில் ஹீரோ மாறிவிடுகிறான்" என்கிறார்கள். பையா பார்த்தேன். கார் பெங்களூரிலிருந்து மும்பை போனது, வேறெதுவும் மாறியதாகத் தெரியவில்லை. மாற்றத்தை எங்கே பார்ப்பது? எந்தப் படங்களில் ஆரம்பிக்கலாம்? தேவகோட்டையில் இருக்கிறேன். அப்பத்தாவும் கூட உட்கார்ந்து பார்ப்பாங்க, அதனால் சப்டைட்டிலை மட்டும் நம்பியிருக்கிற படம் கொஞ்சம் கஷ்டம்.

பையாவைப் பற்றி நீங்கள் கவனித்தது சரிதான். அதில் சாலை என்பது துரத்தலுக்கும் காதலுக்கும் போட்ட களம். ஸ்டியரிங் முன் உட்கார்ந்தவனும் கடைசியில் இறங்கியவனும் ஒரே ஆள். அந்தப் படம் வேறு எதையும் நமக்கு வாக்குக் கொடுக்கவும் இல்லை, அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன். சாலை இருக்கிற படமெல்லாம் நீங்கள் கேட்கிற வகையைச் சேர்ந்ததல்ல என்பதுதான் விஷயம்.

நான் சென்னையில் சில வருஷம் படத்தொகுப்பு உதவியாளனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். இப்போது காரைக்குடிப் பக்கம் நண்பர் ஒருவருடைய பழைய வீட்டுப் பட்டாலையில் சனிக்கிழமைகளில் படம் போடுகிறோம். அதனால் நான் சொல்லப்போவது எடிட்டிங் மேசையிலிருந்து வரும் பார்வை. நடிப்பைப் பற்றியோ ஒளிப்பதிவைப் பற்றியோ என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

மலையும் நெல்வயலும் சூரிய அஸ்தமனமும் யாரையும் மாற்றுவதில்லை. மாறிவிட்டதாகப் பாத்திரமே வாய்விட்டுச் சொன்னால் அதையும் நம்ப வேண்டியதில்லை. படத்தின் முதல் கால் மணி நேரத்தில் அந்த ஆள் செய்யும் ஒரு செயலைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய செயலாக இருக்க வேண்டாம். ஒரு கடிதத்தை வாங்க மறுப்பது, முன்பின் தெரியாதவனைச் சந்தேகப்படுவது, சொல்லாமல் கிளம்பிப் போவது, இந்த அளவில் இருந்தால் போதும். பிறகு அதே செயல், அல்லது அதற்கு நேர் எதிரான செயல், வழியில் எங்கே மறுபடி வருகிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் கதை. வெறும் வசனத்தால் தாண்ட முடியாத தூரமாக அது இருக்க வேண்டும், அதற்காகத்தான் கதாசிரியர் ஆளைத் தெருவில் இறக்கி நடக்க விடுகிறார்.

இது ஹாலிவுட் கண்டுபிடித்த உத்தி இல்லை. நம்மிடம் இருக்கும் மிகப் பழைய பயணக் கதையிலேயே இது அப்பட்டமாக இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கானல்வரிப் பாட்டில் மனம் முறிந்து கோவலன் மாதவியை விட்டுப் போகிறான். அவள் தாழை மடலில் ஒரு கடிதம் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்து அனுப்புகிறாள். அவன் அதை வாங்க மறுத்துவிடுகிறான். ஆடல்மகள்தானே, நடிப்பது அவளுக்கு இயல்பு என்பது அவன் எண்ணம். அப்புறம் கண்ணகியிடம் போகிறான், சிலம்பை விற்று மதுரையில் மறுபடி வியாபாரம் தொடங்கலாம் என்று விடியுமுன் இருவரும் புகாரை விட்டுக் கிளம்புகிறார்கள். வழியில் கவுந்தியடிகள் சேர்ந்துகொள்கிறார்.

காடுகாண் காதையில் மதுரைக்குப் போகும் வழி மூன்றாகப் பிரியும் இடத்தை ஒரு மறையவர் சொல்கிறார். கொடும்பை என்று அவர் சொல்வது கொடும்பாளூர். நம் பக்கத்திலிருந்து விராலிமலைக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர்தான். அங்கிருந்து சிவன் கைச் சூலம் போல வழி மூன்றாகப் போகிறது, நடு வழியில் ஒரு தெய்வம் மயக்கும் என்று எச்சரிக்கிறார். சொன்னபடியே, தண்ணீர் தேடிப் போன கோவலன் முன்னால் அந்தத் தெய்வம் வசந்தமாலை உருவில் வந்து காலில் விழுந்து அழுகிறது. மாதவி என்னைக் கோபித்துத் துரத்திவிட்டாள், கடிதத்தில் நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேனாம் என்று கதை சொல்கிறது. அவன் மந்திரம் சொன்னதும் மறைந்துவிடுகிறது. இதைப் பேய்க்கதையாக மட்டும் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஊரில் மறுத்த கடிதத்தின் பேச்சு காட்டில் அவனைப் பின்தொடர்ந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த வழியில் அவனை மயக்க வேறு எந்த உருவமும் எடுத்திருக்கலாம், அந்தத் தெய்வம் எடுத்தது கடிதம் கொண்டுவந்தவளுடைய உருவம்.

மூன்றாவதாக உண்மையான தூதன் வருகிறான். மாதவியின் இரண்டாவது கடிதத்தை வைத்துக்கொண்டு கோசிகன் என்ற அந்தணன் அலைந்து கொண்டிருக்கிறான். கோவலனை நேரில் பார்க்கிறான், ஆனால் அடையாளம் தெரியவில்லை. நடையும் வெயிலும் துன்பமும் முகத்தை அவ்வளவு மாற்றியிருக்கின்றன. நீ கோவலனா என்று நேராகக் கேட்காமல், வெயிலில் வாடி நிற்கும் ஒரு மாதவிக் கொடியிடம், கோவலன் பிரிந்ததால் வாடிய மாதவி போல நீயும் வாடினாயோ என்று பேசுகிறான். கோவலன் திரும்பிப் பார்க்கிறான். அப்புறம் கடிதம் கைமாறுகிறது. இந்த முறை அவன் அதை வாங்குகிறான், படிக்கிறான், அவள்மேல் குற்றமில்லை, குற்றம் தன்னுடையது என்று உணர்கிறான். அதோடு நிற்காமல், அவள் எழுதியது தன் பெற்றோருக்குத் தான் எழுத வேண்டிய சொற்களாகவே இருக்கிறது என்று கண்டு, அதே கடிதத்தை அவர்களிடம் கொண்டுபோகச் சொல்லி கோசிகனிடமே திருப்பிக் கொடுக்கிறான்.

நகரத்தார் தங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வதால், எங்கள் பட்டாலையில் இந்தக் கதையைச் சொன்னால் ஒரு தனி உரிமையோடு கேட்பார்கள். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது கட்டுமானத்தைப் பற்றி. மறுத்த கடிதம், பொய்யான தூது, ஏற்ற கடிதம். இந்த மூன்றையும் புகாரிலேயே ஒரு வாரத்துக்குள் நடத்தியிருக்கலாமே? முடியாது. புகாரில் அவன் பெருவணிகன் மகன், எந்த வாசலிலும் நின்று எதையும் மறுக்கும் வசதி உள்ளவன். வழியில் அவனிடம் வீடு இல்லை, பேர் சொல்லி அழைக்க ஆள் இல்லை, முகம்கூடப் பழைய முகம் இல்லை. இவ்வளவும் போன பிறகுதான் அந்தக் கடிதத்தைப் படிக்கக்கூடியவனாக ஆகிறான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாறியதற்காக அவனுக்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை, மதுரையில் கொலைதான் காத்திருக்கிறது. மாற்றமும் நல்ல முடிவும் ஒன்றல்ல என்பதை இளங்கோவடிகள் தெளிவாகவே வைத்திருக்கிறார். பல பயணப் படங்கள் தடுமாறுவது இங்கேதான்.

இதே அமைப்பை சினிமாவில் சுத்தமாகப் பார்க்க வேண்டுமென்றால் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பிரேசில் படம், 1998-ல் வால்டர் சாலஸ் இயக்கியது. பெர்லின் விழாவில் தங்கக் கரடி வாங்கிய படம், ஆனால் விருதுப்படம் என்று பயப்பட வேண்டாம், கதை நேராகப் போகும். டோரா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ரியோ ரயில் நிலையத்தில் மேசை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு கடிதம் எழுதித் தருகிறாள். தபாலில் போடவும் சேர்த்தே காசு வாங்குகிறாள், ஆனால் போடுவதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோழியோடு படித்துச் சிரித்துவிட்டுச் சிலதைக் கிழிக்கிறாள், சிலதை மேசை டிராயரில் போடுகிறாள். நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செயல் இதுதான். அவளிடம் கடிதம் எழுதிய ஒரு பெண் நிலையத்துக்கு வெளியே பஸ் மோதி இறந்துபோகிறாள், அவளுடைய சிறு மகன் ஜோசுவே தனியாக நிற்கிறான். டோரா அவனை ஒரு கும்பலிடம் விற்றுவிட்டு அந்தக் காசில் டிவி வாங்குகிறாள். இவ்வளவு கீழே ஆரம்பிக்கிற கதாநாயகியைத் தமிழில் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. பிறகு மனம் உறுத்தி அவனை மீட்டுக்கொண்டு, வடகிழக்கில் எங்கோ இருக்கும் அவன் அப்பாவைத் தேடிப் பஸ் ஏறுகிறாள்.

வழியில் படம் அவளிடமிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறது. பையனைப் பஸ்ஸில் விட்டுவிட்டு நழுவப் பார்க்கிறாள், அதில் பணம் போகிறது. ஒரு லாரி ஓட்டுநரிடம் அவளுக்கு ஆசை துளிர்க்கிறது, அவர் சத்தம் போடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், அதில் கர்வம் போகிறது. கடைசியில் ஒரு யாத்திரைக் கூட்டத்துக்கு நடுவில் கையில் காசில்லாமல் மயங்கி விழுகிறாள். மெழுகுவர்த்தியும் வேண்டுதலுமாக அந்த இரவுக் காட்சியைப் பார்க்கும்போது, தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நத்தம் வழியாகப் பழநிக்குக் காவடியோடு நடந்தவர்களுக்கு உடனே ஏதோ புரிந்துவிடும். மறுநாள் பையன்தான் யோசனை சொல்கிறான்: இங்கே வந்திருக்கிறவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடு. அதே தொழில், அதே பேனா. கூட்டம் வரிசையில் வந்து சாமிக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறது. ரியோவில் எழுதியபோது எப்படியோ அப்படியே இங்கும் முகங்கள் மாறிமாறி வருகின்றன. ஆனால் இந்தக் கடிதங்களைத் தூக்கி எறிய அவளுக்குக் கை வரவில்லை. பழக்கத்தில் பையன் எறியப் போகும்போது வேண்டாம் என்கிறாள்.

அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. அப்பா இல்லாத வீட்டில் ஜோசுவேயின் இரண்டு அண்ணன்களைக் கண்டுபிடிக்கிறார்கள். அப்பா எழுதிவிட்டுப் போன கடிதத்தை அவர்களால் படிக்க முடியாது, டோரா வாசித்துக் காட்டுகிறாள். பார்க்க ஆசைப்படுகிறேன் என்று அப்பா பட்டியல் போடும் பெயர்களின் கடைசியில் ஜோசுவேயின் பெயரும் வருகிறது. அவள் கொஞ்சம் தயங்கிச் சொல்கிற விதத்தைப் பார்த்தால், அந்தப் பெயர் தாளில் இல்லை, அவளே சேர்த்தாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இது என் வாசிப்பு, ஆனால் படம் பார்த்த பலர் இப்படித்தான் பார்க்கிறார்கள். முதலில் அடுத்தவர் கடிதத்தைக் கிழித்தவள், இப்போது அடுத்தவர் கடிதத்தில் ஒரு சொல் சேர்க்கிறாள். இரண்டுமே பொய்தான், கவனியுங்கள். அவள் நேர்மையானவளாக மாறவில்லை, பொய்யை யாருக்காகச் சொல்கிறாள் என்பதுதான் மாறியிருக்கிறது. விடியலில் பையன் எழுவதற்குள் கிளம்பி, பஸ்ஸில் உட்கார்ந்து முதல்முறையாகத் தன் சொந்தக் கடிதத்தை எழுதுகிறாள்.

இதைப் பட்டாலையில் போட்டபோது நண்பர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து சப்டைட்டிலைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வாசிக்கும் காட்சி முடிந்ததும் பின்னாலிருந்து ஓர் ஆச்சி சொன்னார்: "ரங்கூன்ல இருந்து வர்ற கடுதாசிய எங்க ஆயாவுக்கு அடுத்த வீட்டுக்காரவுகதான் வாசிச்சுக் காட்டுவாக. அவுக எதைச் சேத்து வாசிச்சாகளோ, எதை விட்டுட்டு வாசிச்சாகளோ, யாரு கண்டா." பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆண்கள் வருஷக்கணக்கில் போய்க் கிடந்த ஊர்களில் டோராவைப் புரியவைக்க யாரும் தேவையில்லை. அதனால் சப்டைட்டில் விஷயத்தில் உங்கள் அப்பத்தாவைக் குறைத்து எடை போடாதீர்கள். பக்கத்தில் இருந்து சொல்ல ஒரு ஆள் மட்டும் வேண்டும்.

எடிட்டிங்கில் ஒரு சோதனை செய்வோம். நடுவில் இருக்கும் பயணத்தை எடுத்துவிட்டு முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் ஒட்டிப் பார்ப்பது. ஒட்டிக்கொண்டால் பயணம் அலங்காரம். இன்னொரு சோதனை, வழியில் நடக்கும் சம்பவங்களின் வரிசையை மாற்றுவது. திருடன் வரும் காட்சியை முன்னாலும் மழைக் காட்சியைப் பின்னாலும் போட்டால் எதுவும் குலையவில்லை என்றால், அந்தச் சம்பவங்கள் ஆளின் மேல் எதையும் விட்டுப்போகவில்லை என்று அர்த்தம். சென்ட்ரல் ஸ்டேஷனில் லாரி ஓட்டுநரை யாத்திரைக்குப் பின்னால் நகர்த்த முடியாது, கர்வம் மிச்சமிருக்கிற டோரா அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து அப்படிக் கேட்டிருக்க மாட்டாள். நீங்கள் படம் பார்த்து முடித்தபின் மனதுக்குள்ளேயே இந்த இரண்டையும் செய்து பார்க்கலாம், மென்பொருள் எதுவும் வேண்டாம்.

தமிழில் இதற்குக் கைக்கெட்டும் உதாரணம் அன்பே சிவம், 2003. அப்பத்தாவோடு முதலில் பார்க்க வேண்டியது அதுதான் என்பேன். புவனேஸ்வர் விமான நிலையத்தில் அன்பரசு என்கிற விளம்பரப் பட இயக்குநர் தன் பெயரையே சுருக்கி அரஸ் என்று சொல்லிக்கொள்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தழும்பு முகக்காரனைத் தீவிரவாதி என்று சந்தேகப்பட்டு அதிகாரிகளிடம் சொல்லிவிடுகிறான். குறித்துக்கொள்ளுங்கள்: முன்பின் தெரியாதவனிடம் அவன் செய்யும் முதல் காரியம் காட்டிக்கொடுப்பது. மழையில் விமானம் ரத்தாகிறது, பஸ், ரயில் என்று வண்டி ஒவ்வொரு படியாக இறங்க இறங்க அவன் கையில் இருந்தவையும் போகின்றன. பையைப் பறிகொடுக்கிறான், நல்லவன் என்று நம்பிய சக பயணியே ஏமாற்றுகிறான், ஒவ்வொரு தடவையும் கைகொடுப்பது அந்தத் தழும்பு முகக்காரன். பிறகு ரயில் விபத்து. முன்பின் தெரியாத ஒரு சிறுவனுக்கு அவனுடைய அரிய வகை ரத்தம் தேவைப்படுகிறது, கொடுக்கிறான். சிறுவன் பிழைப்பதில்லை. யாரென்றே தெரியாத பிள்ளைக்காக அன்பரசு அழும்போது, நல்லசிவம் என்கிற அந்தத் தழும்பு முகக்காரன் கடவுளைப் பற்றிச் சொல்வதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் அந்த வசனத்தைவிட, விமான நிலையத்தில் தெரியாதவனைக் காட்டிக்கொடுத்த ஆள் ஆம்புலன்ஸில் தெரியாதவனுக்காக உட்கார்ந்திருக்கிறான் என்பதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். வசனம் இல்லாவிட்டாலும் அது நிற்கும்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் நல்லசிவத்தின் முன்கதை நீளமாக வருகிறது, அப்போது சாலை காணாமல் போய்விடுகிறது. அந்தப் பகுதியை ரசிப்பவர்கள் நிறைய, நானும் பாட்டுகளை ரசிக்கிறேன், ஆனால் பயணக் கதையாகப் பார்த்தால் அங்கே வண்டி நின்றுவிடுகிறது. இது கருத்துதான், நீங்கள் வேறு மாதிரி உணரலாம்.

அடுத்து மெய்யழகன், 2024. இதில் பயணம் சென்னையிலிருந்து தஞ்சாவூர் வழியாக நீடாமங்கலம் வரை, தூரம் ஒன்றுமே இல்லை. சொத்துத் தகராறில் 1996-ல் வீட்டை விட்டுப்போன அருள்மொழி, தங்கை முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்காக வருகிறார். தலையைக் காட்டிவிட்டு அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட வேண்டும் என்பது திட்டம். விழுந்து விழுந்து உபசரிக்கிற ஒரு உறவுக்கார இளைஞன், பெயர்கூட ஞாபகம் வரவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டு அவன் வீட்டில் தங்குகிறார். இங்கே திரும்ப வரும் செயல், கிளம்பிப் போவது. சின்ன வயதில் ஊரை விட்டுப் போனது மற்றவர்கள் செய்த துரோகத்தால். இப்போது விடியலில் சொல்லாமல் கிளம்புவது தன் வெட்கத்தால், இவ்வளவு பாசம் காட்டுகிறவனின் பெயர் தெரியவில்லையே என்ற வெட்கம். முதல் தடவை அவர் கோபப்பட ஆள் இருந்தது, இரண்டாவது தடவை தன்னைத்தவிர யாருமில்லை. நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் "என்னைத் தெரியுதா, யாருன்னு சொல்லுங்க பாப்பம்" என்று கேட்கப்பட்டவர்கள் யாருக்கும் இந்த அவஸ்தையை விளக்க வேண்டாம். பேச்சு அதிகம், நிதானமான படம், அப்பத்தாவுக்குப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

வண்டியின் வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எடிட்டருக்கு அது கண்ணில் படும் முதல் விஷயம். வேகமான வண்டியில் வெளி உலகம் பின்னணியாகிவிடும், உள்ளே இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும். மெதுவான வண்டியில் வெளியே இருப்பவர்கள் உள்ளே வருவார்கள். இதன் உச்சம் த ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி, 1999-ல் டேவிட் லிஞ்ச் எடுத்தது. 1994-ல் உண்மையில் நடந்தது: ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்ற 73 வயதுக்காரர், கண் பார்வை போதாமல் ஓட்டுநர் உரிமம் இல்லாததால், புல் வெட்டும் வண்டியில் ஏறி அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்து விஸ்கான்சினுக்கு, கிட்டத்தட்ட 240 மைல், உடம்பு சரியில்லாத அண்ணனைப் பார்க்கப் போனார். படத்தில் அவர்கள் பேசி பத்து வருஷமாகியிருக்கிறது. வண்டி நடையைவிடச் சற்றே வேகம். ஆங்கிலம் குறைவாக, நிதானமாகப் பேசுவார்கள், அதனால் சப்டைட்டில் பழக இது நல்ல படம். ஒரு விஷயம் மட்டும்: இங்கே கிழவர் அதிகம் மாறுவதில்லை. மாறும் முடிவைக் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிட்டார். அந்த முடிவுக்கு எவ்வளவு விலை கொடுக்கத் தயார் என்பதைத்தான் வழி முழுக்கக் காட்டுகிறது. அண்ணனுக்கும் கடைசியில் சொல் தேவைப்படுவதில்லை, அந்த வண்டியைப் பார்த்தாலே போதும்.

இனி மாறாதவர்களின் பயணம். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதில் இரண்டு படங்கள் கட்டாயம். இரண்டும் பி.எஸ். வினோத்ராஜ் இயக்கியவை. கூழாங்கல் 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. மேலூர் அரிட்டாபட்டிப் பக்கத்து வெயில் காடு, நமக்கு அடுத்த மண். குடிகார அப்பன் மகனைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு போன மனைவியை அழைத்துவரப் பஸ் ஏறிப் போகிறான். அங்கே சண்டை. பையன் பணத்தைக் கிழித்துவிடுகிறான், திரும்ப வர நடைதான். அப்பன் முன்னால் கொதித்துக்கொண்டு போக, மகன் உடைந்த கண்ணாடித் துண்டால் அவன் முதுகில் வெயிலைக் காட்டிக்கொண்டு பின்னால் வருகிறான். தாகத்துக்கு வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொள்கிறான். வீடு வந்ததும் அந்தக் கல்லை வைக்கிற இடத்தில் ஏற்கெனவே ஒரு குவியல் இருக்கிறது. நான் சொன்ன "இரண்டு முறை" கணக்கு இங்கே தலைகீழாகிறது. இந்த நடை இதற்கு முன் பல தடவை நடந்திருக்கிறது, இனியும் நடக்கும். அப்பன் மாறவில்லை, நமக்குத்தான் தெரியாத ஒன்று தெரிகிறது. ஒன்றேகால் மணி நேரம்தான் படம், வசனம் குறைவு, தமிழ்தான்.

கொட்டுக்காளி, 2024, இன்னும் கடினம். மனம் வேறொருவனிடம் இருக்கிற மீனாவை, பேய் பிடித்ததாகச் சொல்லி, குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலுமாக ஒரு சாமியாடியிடம் கூட்டிப் போகிறது. முறைமாப்பிள்ளை பாண்டி. வழியில் ஒலிபெருக்கியில் வரும் பாட்டை அவள் லேசாக முணுமுணுத்ததற்கு, அவளையும் குறுக்கே வந்த பெண்களையும் அடித்துத் தள்ளுகிறான். கடைசியில் அந்தச் சாமியாடி இன்னொரு பெண்ணை நடத்தும் விதத்தைப் பாண்டி நின்று பார்க்கிறான். படம் அங்கே நின்றுவிடுகிறது. அவன் வண்டியைத் திருப்புவானா மாட்டானா என்பதை இயக்குநர் சொல்லவில்லை. திருப்புவான் என்பவர்களும் மாட்டான் என்பவர்களும் எங்கள் பட்டாலையில் சண்டையே போட்டார்கள். என்னைக் கேட்டால், முதல் அடியைக் குறித்துக்கொண்டு, அடுத்த தடவை கை ஓங்கும் கணத்துக்கு முன்னால் படத்தை வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும். மிச்சம் பார்க்கிறவருடைய நம்பிக்கை.

தமிழில் பயணக் கதை பெரும்பாலும் கெட்டுப்போகும் இடம் இடைவேளைக்குப் பிறகு வரும் ஒரு பாட்டு. நான்கு நிமிஷத்தில் டீக்கடை, குழந்தைகளோடு ஆட்டம், மலை உச்சியில் கை விரித்தல், பாட்டு முடிந்ததும் ஆள் திருந்தியிருப்பான். எடிட் அறையில் அந்தப் பாட்டை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தால், திருந்துவதற்குக் காரணமே இல்லை என்பது தெரிந்துவிடும். தொகுப்புக் காட்சி காலத்தைக் கடத்தும், காரணத்தை உண்டாக்காது. இன்னொரு அறிகுறி, வழியில் சந்திப்பவர்கள் எல்லோரும் கதாநாயகனுக்கு ஒரு பாடம் சொல்லிவிட்டு மறைவது. அவர்களுக்கென்று ஒரு வேலை, ஒரு அவசரம் இருக்க வேண்டும். டோராவை விட்டுப்போன லாரி ஓட்டுநர் பாடம் சொல்ல வரவில்லை, பயந்து ஓடினார்.

அப்பத்தாவோடு பார்க்க என்றால் அன்பே சிவம், மெய்யழகன், அப்புறம் கூழாங்கல் என்ற வரிசையில் போங்கள். மூன்றுக்கும் சப்டைட்டில் தேவையில்லை. அதற்குப் பிறகு சென்ட்ரல் ஸ்டேஷனை நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு, மறுமுறை அவருக்குச் சொல்லிக்கொண்டே பாருங்கள். முதல்முறை பார்க்கும்போதே மொழிபெயர்த்துச் சொல்ல முயன்றால் நீங்கள் பாதிப் படத்தைத் தவறவிடுவீர்கள். த ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி எப்போது வேண்டுமானாலும். கொட்டுக்காளியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பின்னணி இசை கிடையாது, ஆட்டோ சத்தமும் சேவல் சத்தமும்தான் இசை. போனில் பார்த்தால் பாதி போய்விடும், ஹெட்போனாவது வேண்டும். அந்த அடிக்கிற காட்சி நீளமானது, அப்பத்தாவோடு பார்ப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.